மூன்று சீரமும் வாங்கிவிட்டேன்: மங்குக்கு ஆர்பியூட்டினா, கோஜிக்கா, டிரானெக்சாமிக்கா?

காரைக்குடி மீனா
எனக்கு 38 வயது. இரண்டாவது குழந்தை பிறந்தபின் இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் மங்கு விழுந்தது. ஆறு வருடமாகப் போகவில்லை. போன மாதம் மூன்று சீரம் வாங்கினேன். ஒன்றில் ஆல்ஃபா ஆர்பியூட்டின் 2%, ஒன்றில் கோஜிக் அமிலம் 2%, இன்னொன்றில் டிரானெக்சாமிக் அமிலம் 3% என்று போட்டிருக்கிறது. மூன்றும் ஒரே வேலைதானே செய்யும், சேர்த்துப் போட்டால் சீக்கிரம் போகும் என்று நினைத்து, இரவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். பத்தாம் நாள் கன்னம் சிவந்து எரிய ஆரம்பித்தது. இப்போது மங்கு இருந்த இடம் முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. மூன்றில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை கண்ணன்
மீனா அக்கா, கோஜிக்கைத் தூக்கிப்போடுங்கள். அது அமிலம், தோலை அரிக்கும், அதனால்தான் எரிகிறது. டிரானெக்சாமிக் ரத்தத்தை உறையவைக்கும் மருந்து, அதை முகத்தில் பூசுவதே ஆபத்து. ஆர்பியூட்டின் மட்டும் செடியிலிருந்து வருவது, இயற்கையானது. என் மனைவி ஒரு வருடமாக அதைத்தான் போடுகிறாள், எந்தத் தொந்தரவும் இல்லை.

சீரம் வாசுகி
நான் ஒப்பந்த முறையில் கிரீம் தயாரிக்கும் ஆலையில் ஃபார்முலேஷன் வேலை பார்க்கிறேன், பதினோரு வருடம் ஆகிறது. மருத்துவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மீனா, இன்றிரவு மூன்றையும் நிறுத்துங்கள். சிவப்பு இருக்கும்வரை எந்த வெளுப்பாக்கியும் வேண்டாம். நம் நிறத்துத் தோலில் எரிச்சல் வந்தால் அது ஆறும்போது கருமையை விட்டுவிட்டுப் போகும். நீங்கள் பார்க்கும் கூடுதல் கறுப்பு பெரும்பாலும் அதுதான். மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், இவை இரண்டு மட்டும் போதும்.

கண்ணன் சொன்னதில் சிலதைத் திருத்தவேண்டும். கோஜிக் பெயரில் அமிலம் என்று இருந்தாலும் கிளைகாலிக் மாதிரி மேல்தோலை உரிக்கிற வேலையை அது செய்வதில்லை. அதன் பிரச்சினை வேறு: ஒவ்வாமை. ஆர்பியூட்டின் செடியில் இருப்பது உண்மை, ஆனால் செடியில் இருப்பது பீட்டா ஆர்பியூட்டின். மீனா வாங்கியிருக்கும் ஆல்ஃபா வகை ஆலையில் நொதியை வைத்துத் தயாரிப்பது. லேபிளில் வெறுமனே ஆர்பியூட்டின் என்று இருந்தால் அது பீட்டா என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் இரண்டுமே உள்ளுக்குள் ஹைட்ரோகுயினோன் என்ற வலுவான வெளுப்பு மருந்தோடு ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிய பொருள்தான். இயற்கை என்பதை வைத்து அதைப் பாதுகாப்பு என்று முடிவுகட்ட முடியாது.

மூன்றும் ஒரே வேலை செய்யும் என்று நினைத்ததும் சரியில்லை. அதை நாளை விளக்கமாக எழுதுகிறேன்.

வார்டு நர்ஸ் செல்வி
கண்ணன் தம்பிக்கு ஒரு வார்த்தை. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காதபோது நாங்கள் போடும் ஊசி டிரானெக்சாமிக். மாதவிலக்கு அதிகம் போனால் மாத்திரையாகக் கொடுப்பதும் அதுதான். ஆனால் அது ரத்தத்தை உறையவைப்பதில்லை. உடம்பு தானாகக் கட்டிய உறைவு சீக்கிரம் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் இவர்களுக்கு மாத்திரை கொடுக்கும்போதுதான் பயம். தோலில் பூசுகிற மூன்று சொட்டில் ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம்.

அதே மருந்தை மங்குக்கு ஏன் போடுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு இதுவரை புரிந்ததில்லை. வாசுகி எழுதினால் நானும் படிக்கிறேன்.

பட்டுக்கோட்டை அப்பா
என் பையனுக்கு 15 வயது. கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் கறுப்பு, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகவில்லை. ஆர்பியூட்டின் பாடி லோஷன் வாங்கலாமா, கோஜிக் சோப்பு வாங்கலாமா? பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள் என்று அழுகிறான்.

வார்டு நர்ஸ் செல்வி
ஐயா, தொட்டுப் பாருங்கள். வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக, மடிப்பு மடிப்பாக இருந்தால் அது அழுக்கும் இல்லை, இந்த இழையில் பேசுகிற மங்கும் இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கழுத்திலும் அக்குளிலும் அப்படி வரும். பையன் கொஞ்சம் பருமனா? டாக்டரிடம் கூட்டிப்போய் சர்க்கரை பாருங்கள். எடை குறைந்தால் கழுத்தும் தெளியும். தேய்க்க மட்டும் விடாதீர்கள், தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும்.

பட்டுக்கோட்டை அப்பா
பருமன்தான் அம்மா. இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. திங்கட்கிழமையே போகிறோம்.

சீரம் வாசுகி
சொன்னபடி எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

தோலின் அடிப்பகுதியில் நிறம் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சின்ன மாவு மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டைரோசின் என்ற அமினோ அமிலம்தான் தானியம். டைரோசினேஸ் என்ற நொதிதான் அரைக்கும் இயந்திரம். அந்த இயந்திரத்தின் நடுவில் செம்பு இருக்கிறது, அது இல்லாமல் ஓடாது. அரைத்து வரும் மெலனின் பொட்டலமாக மேல் செல்களுக்குப் போய்ச் சேருகிறது. அதுதான் நாம் கண்ணாடியில் பார்க்கும் நிறம்.

ஆர்பியூட்டின் பார்ப்பதற்குத் தானியம் மாதிரியே இருக்கும். டைரோசின் உட்காரவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அரைபடாது. அது இருக்கும்வரை அரைப்பது மெதுவாகிறது. கோஜிக் நேராகச் செம்பைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஆக இந்த இரண்டும் ஒரே இயந்திரத்தைத்தான் தடுக்கின்றன, இடம்தான் வேறு.

டிரானெக்சாமிக் மில்லுக்குள்ளேயே போவதில்லை. வெயில் பட்டதும் மேல்தோல் செல்கள் பிளாஸ்மின் என்ற நொதியை உசுப்பிவிடுகின்றன. செல்வி அக்காவுக்குத் தெரியும், ரத்த உறைவைக் கரைப்பதும் இதே பிளாஸ்மின்தான். தோலில் அது அழற்சிப் பொருட்களைக் கிளப்பிவிடும். அவை கீழே போய் இன்னும் அரை, இன்னும் அரை என்று மில்லுக்கு ஆர்டர் கொடுக்கும். டிரானெக்சாமிக் அந்த பிளாஸ்மின் உருவாவதைத் தடுப்பதால் ஆர்டர் குறைகிறது. ஜப்பானில் உட்டாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962 இல் ரத்தப்போக்குக்காகக் கொண்டுவந்த மருந்து இது. 1979 இல் ஜப்பான் மருத்துவர் ஒருவர் தடிப்புக்காக இதைக் கொடுத்த நோயாளியின் மங்கு வெளிறியதைக் கவனித்து எழுதினார். அதிலிருந்துதான் தோல் பக்கம் வந்தது.

மங்கில் நிறம் மட்டும் கூடியிருப்பதில்லை. அந்த இடத்தில் ரத்தக் குழாய்களும் கூடியிருக்கும், லேசான அழற்சி ஓயாமல் இருக்கும். ஆர்டர் வந்துகொண்டே இருக்கிற நோய் அது. அதனால் மங்குக்கு மட்டும் என்று கேட்டால் நான் முதலில் கையில் எடுப்பது டிரானெக்சாமிக். பரு ஆறி விட்ட கறுப்புக்கு ஆர்பியூட்டினே போதும் என்பேன்.

கோவை கண்ணன்
சரி வாசுகி, ரத்தம் உறையும் விஷயத்தில் நான் தவறு. ஆனால் ஒன்று. கோஜிக் ஆர்பியூட்டினைவிடப் பல மடங்கு வலுவானது என்று பரிசோதனைக் கணக்கோடு எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே, அதுவும் பொய்யா?

சீரம் வாசுகி
பொய் இல்லை, ஆனால் எதில் சோதித்தார்கள் என்று பாருங்கள். ஆய்வகத்தில் மலிவாகக் கிடைப்பது காளானிலிருந்து எடுக்கும் டைரோசினேஸ். நாம் கடையில் வாங்கிக் குழம்பு வைக்கிறோமே, அதே பட்டன் காளான். கோஜிக் அந்தக் காளான் நொதியைப் பிரமாதமாகத் தடுக்கும். மனித நொதியில் சோதித்துப் பார்த்த ஆய்வு 2018 இல் வந்தது. அதில் கோஜிக் மிகவும் பலவீனமாக இருந்தது, ஆர்பியூட்டின் அதைவிடவும் பலவீனம். எங்களிடம் சரக்கு விற்க வருபவர்கள் இன்றும் காளான் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். எந்த நொதி என்று கேட்டால் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அதற்காக இரண்டும் வேலையே செய்யாது என்று சொல்லவில்லை. மெதுவாக, மென்மையாகத்தான் செய்யும். தோல் புதுப்பித்துக்கொள்ளவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பத்து நாளில் வெளுத்தால் நான் சந்தேகப்படுவேன்.

யாழ் நிலா
நான் யாழ்ப்பாணம். என்ர அனுபவத்தையும் சொல்லுறன். கோஜிக் சோப் ஒன்று கொழும்பில இருந்து அக்கா அனுப்பினவ. முதல் மூன்று கிழமை நல்லாத்தான் இருந்தது. நாலாம் கிழமை கண்ணிமை வீங்கி, கழுத்தெல்லாம் கடி. சோப்பை விட்டதும் குறைஞ்சது. பிறகு ஆசையில திரும்ப ஒருநாள் போட்டுப் பார்த்தன், அடுத்த நாளே திரும்பவும் கடி. முதலில் ஒத்துப்போன சாமான் பிறகு ஏன் ஒத்துவராமல் போகுது?

அதோடு இன்னொரு கேள்வி. கோஜிக் சோற்றில இருந்து வருகுதாம். அப்ப எங்கட பழஞ்சோற்றுத் தண்ணியிலயும் இருக்கும்தானே? முகத்துக்குப் பூசலாமோ?

சீரம் வாசுகி
நிலா, நீங்கள் சொன்ன வரிசை ஒவ்வாமையின் வரிசையேதான். எரிச்சல் என்றால் போட்ட கொஞ்ச நேரத்தில் சுள்ளென்று இருக்கும், போட்ட இடத்தோடு நிற்கும், கழுவினால் அடங்கும். ஒவ்வாமைக்கு உடம்பு முதலில் அந்தப் பொருளை அடையாளம் கண்டுகொள்ளவேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஒருமுறை கண்டுகொண்டபின் அடுத்தமுறை பட்டால் ஒன்றிரண்டு நாளில் அரிப்பும் வீக்கமுமாக வரும், படாத இடத்துக்கும் பரவும். கண்ணிமைத் தோல் மெல்லியது, அங்கேதான் முதலில் தெரியும். இனி கோஜிக் இருக்கிற எதையும் தொடாதீர்கள். அந்த ஞாபகம் தோலுக்குப் பல வருடம் இருக்கும்.

சோற்று விஷயம்: 1907 இல் ஜப்பானில் கோஜிக்கைக் கண்டது உண்மையில் சோற்றில் இல்லை, சோற்றின்மேல் வளர்க்கிற பூஞ்சணத்தில். வேகவைத்த அரிசியில் அந்தக் குறிப்பிட்ட பூஞ்சணத்தை வளர்த்து மதுவும், சோயாவிலும் கோதுமையிலும் வளர்த்து சோயா சாஸும் அவர்கள் செய்கிறார்கள். அதன் பெயர் கோஜி. நம் பழஞ்சோற்றில் வேலை செய்வது தயிரில் இருப்பது மாதிரியான பாக்டீரியா. அதில் கோஜிக்கை எதிர்பார்க்க வழியில்லை. நீராகாரத்தைக் குடியுங்கள், நல்லது. சிலர் பூஞ்சணம் பிடித்த அரிசியை அரைத்துப் பூசலாமா என்று கேட்கிறார்கள். அது கூடவே கூடாது. வீட்டில் தானாக வரும் பூஞ்சணங்களில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரப்பவையும் உண்டு.

மருந்துக்கடை பாண்டி
மீனா தங்கச்சி, 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒன்று கேட்கவேண்டும். இந்தச் சீரம்களுக்கு முன்னால் மங்குக்கு ட்யூப் கிரீம் ஏதாவது போட்டீர்களா? சீட்டு இல்லாமல் பக்கத்து வீட்டம்மா சொன்னார் என்று வாங்கிப்போவார்களே, அந்த மாதிரி?

காரைக்குடி மீனா
ஆமாம் அண்ணா. ஏழு எட்டு மாதம் போட்டேன். முதல் இரண்டு மாதம் முகம் பளிச்சென்று ஆனது, மங்கும் பாதி மறைந்தது. சீரம் வாங்கியதும் அதை நிறுத்திவிட்டேன். டப்பாவைத் தேடிப் பார்த்தேன். ஹைட்ரோகுயினோன் 2%, டிரெட்டினாயின் 0.025%, மொமெட்டாசோன் 0.1% என்று இருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

மருந்துக்கடை பாண்டி
நிறைய உண்டு. மொமெட்டாசோன் ஸ்டீராய்டு. இந்த மாதிரி மூன்று மருந்துக் கலவையைத் தோல் டாக்டர் மங்குக்குக் கொடுப்பதுண்டு, ஆனால் சில வாரம் மட்டும், இடையில் பார்த்துப் பார்த்து. மாதக்கணக்கில் முகத்தில் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவக்கும், எரியும், பரு மாதிரி கிளம்பும், வெயிலில் நிற்க முடியாது. மறுபடி போட்டால் உடனே அடங்கும், அதனால் விடமுடியாமல் போய்விடும். இதற்காகவே 2018 இல் பல ஸ்டீராய்டுக் கிரீம்களைச் சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டும் என்று அரசு ஆக்கியது. ஆனாலும் தினமும் ஐந்தாறு பேர் என்னிடம் சீட்டில்லாமல் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். எனக்கு இது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உங்கள் சிவப்பு சீரத்தால் வந்ததா, ட்யூபை நிறுத்தியதால் வந்ததா என்று எனக்குச் சந்தேகம். பழைய ட்யூபை மட்டும் திரும்ப எடுக்காதீர்கள்.

சீரம் வாசுகி
பாண்டி அண்ணன் கேட்டது நல்ல கேள்வி, நான் கேட்டிருக்கவேண்டும். மீனா, ட்யூபை நிறுத்தி எத்தனை நாளில் எரிச்சல் ஆரம்பித்தது? எங்கெங்கே? சீரம் போடாத நெற்றியிலும் சிவப்பு உண்டா? அப்புறம் கோஜிக் பாட்டில் இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது?

காரைக்குடி மீனா
நிறுத்தி இரண்டு வாரத்தில். ட்யூபை முகம் முழுக்கப் போடுவேன், சீரம் கன்னத்திலும் மேலுதட்டிலும் மட்டும்தான். நெற்றியில் லேசான சிவப்பு இருக்கிறது, அரிப்பு இல்லை. கன்னத்தில் அரிப்பு அதிகம். கோஜிக் வாங்கும்போது தண்ணீர் மாதிரி இருந்தது, இப்போது கட்டஞ்சாயா நிறம். ஜன்னல் ஓரம் வைத்திருந்தேன். மற்ற இரண்டும் நிறம் மாறவில்லை.

சீரம் வாசுகி
நெற்றியைப் பார்த்தால் ட்யூப், கன்னத்தின் அரிப்பைப் பார்த்தால் சீரம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எழுத்தை வைத்துப் பிரிக்க முடியாது, தோல் டாக்டர் பார்க்கவேண்டும்.

நிறம் மாறியதைப் பற்றிச் சொல்கிறேன். கோஜிக்குக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். நிறம் மாறியது நஞ்சு என்று அர்த்தமில்லை, ஆனால் லேபிளில் போட்ட அளவு மருந்து இனி அதில் இல்லை. இதைத் தடுக்கத்தான் நாங்கள் மெட்டாபைசல்ஃபைட் என்ற பொருளைக் கொஞ்சம் சேர்ப்போம். சங்கடம் என்னவென்றால் அந்த சல்ஃபைட்டே சிலருக்கு ஒவ்வாது. கோஜிக் சீரம் ஒத்துவரவில்லை என்று திரும்பி வருகிறவற்றில் எது கோஜிக், எது சல்ஃபைட் என்று எங்களால் சொல்ல முடிவதில்லை. இன்னொரு விஷயம், ஐரோப்பாவில் 2024 இல் போட்ட விதிப்படி முகத்துக்கும் கைக்குமான கிரீமில் கோஜிக் 1% தான் உச்சம். உங்களுடையது அதற்கு இரண்டு மடங்கு.

சிங்கை தேனு
கோஜிக்கால் புற்றுநோய் வரும், ஜப்பானே தடை செய்துவிட்டது என்று படித்தேனே. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சீரம் வாசுகி
2003 இல் ஜப்பான் நிறுத்திவைத்தது உண்மை. எலிக்கும் சுண்டெலிக்கும் மிக அதிக அளவில் தீனியில் கொடுத்தபோது தைராய்டிலும் கல்லீரலிலும் மாற்றம் தெரிந்ததால் அப்படிச் செய்தார்கள். மறுபடி ஆராய்ந்து, தோலில் பூசும் அளவுக்கு அந்தப் பயம் இல்லை என்று 2005 இல் திரும்ப அனுமதித்தார்கள். பாதிக் கதைதான் பரவியிருக்கிறது. ஐரோப்பியர்கள் 1% என்று கட்டியதற்கும் தைராய்டுக் கவலைதான் காரணம். உடம்பு முழுக்கப் பூசும் லோஷனில் கோஜிக் வேண்டாம் என்பது என் கருத்து.

ஆல்ஃபா ஆர்பியூட்டினுக்கும் அதே விதியில் முகக் கிரீமில் 2%, உடம்பு லோஷனில் 0.5% என்று வரம்பு. ஏன் லோஷனுக்கு இவ்வளவு குறைவு? பூசும் பரப்பு பெரிது. அந்தச் சர்க்கரை பிரிந்தால் மிஞ்சுவது ஹைட்ரோகுயினோன். தோலில் வாழும் பாக்டீரியா கொஞ்சம் பிரிக்கும், பாட்டில் சூட்டில் கிடந்தாலோ, கலவை அதிகப் புளிப்பாக இருந்தாலோ உள்ளேயே பிரியும். நாங்கள் pH 5 ஐ ஒட்டி வைப்பதற்கு அதுதான் காரணம். கார் டாஷ்போர்டில் பாட்டிலை விடாதீர்கள். வீட்டில் எலுமிச்சைச் சாறு கலந்து பூசுகிறார்கள், அதையும் செய்யாதீர்கள்.

சிங்கை தேனு
அப்படியென்றால் ஆர்பியூட்டின் போட்டாலும் ஹைட்ரோகுயினோனால் வருகிற அந்த நீலக் கறுப்புத் திட்டு வருமா? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்து, எதுவும் செய்ய முடியவில்லை.

சீரம் வாசுகி
அந்தத் திட்டு பெரும்பாலும் ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில், அதிக அளவில், வெயில் காப்பு இல்லாமல் போட்டவர்களுக்கு வந்தது. 2% ஆர்பியூட்டினில் பிரிந்து வருவது மிகச் சிறிய அளவு. நான் பயப்படுவதில்லை. ஆனால் பத்து வருடம் தினமும் போட்டால் எப்படி என்று பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. அதனால் என் தங்கைக்கும் மூன்று நான்கு மாதம் போட்டுவிட்டு இடைவெளி விடச் சொல்கிறேன்.

வார்டு நர்ஸ் செல்வி
இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. கர்ப்பமாக இருப்பவர்கள் ஆர்பியூட்டினைத் தொடவே வேண்டாம் என்பேன். ஹைட்ரோகுயினோன் தோல்வழி உடம்புக்குள் நன்றாகவே போகும். கொஞ்சமே பிரிந்தாலும் எதற்கு? எங்கள் மருத்துவமனை டாக்டர்கள் கர்ப்பிணிகளுக்கு அசெலாயிக் அமிலம்தான் எழுதுகிறார்கள்.

சீரம் வாசுகி
கர்ப்பத்தில் நானும் வேண்டாம் என்றே சொல்வேன் அக்கா. அதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

கோவை கண்ணன்
டிரானெக்சாமிக்தான் மங்குக்கு நல்லதென்றால் மாத்திரையாகவே சாப்பிடலாமே? பூசுவதைவிட வேகமாக வேலை செய்யும் என்று என் நண்பன் சொல்கிறான். அவன் கடையில் வாங்கியே சாப்பிடுகிறான்.

வார்டு நர்ஸ் செல்வி
உடனே நிறுத்தச் சொல்லு தம்பி. வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான், தோல் டாக்டர்கள் 250 மில்லிகிராம் இரண்டு வேளை என்று சில மாதம் கொடுக்கிறார்கள். ஆனால் ரத்தக்கட்டி வந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, சிகரெட் உண்டா, சிறுநீரகம் எப்படி, பெண்ணாக இருந்தால் கருத்தடை மாத்திரை உண்டா, இத்தனையும் கேட்டபிறகுதான் கொடுப்பார்கள். உன் நண்பனிடம் இதில் ஒன்றையாவது யாராவது கேட்டார்களா?

கோவை கண்ணன்
கேட்கவில்லை அக்கா. அவன் சிகரெட் பிடிப்பவன். இன்றே பேசுகிறேன்.

காரைக்குடி மீனா
எல்லாருக்கும் வணக்கம், ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தோல் டாக்டரைப் பார்த்தேன். நெற்றிச் சிவப்பு ட்யூபை நிறுத்தியதால்தான் என்றார், அடங்க மாதக்கணக்கில் ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போது பாதி அடங்கிவிட்டது. கன்னத்து அரிப்பு சீரம் நிறுத்தி பத்து நாளில் போய்விட்டது.

முகம் அடங்கியதும் வாசுகியிடம் தனியாகக் கேட்டு, டாக்டரும் சரி என்றபின், டிரானெக்சாமிக்கை முழங்கை மடிப்பில் காலையும் இரவும் ஒரு வாரம் பூசிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் இன்னொரு கையில் ஆர்பியூட்டின், அதிலும் ஒன்றும் இல்லை. கோஜிக்கை மூன்றாவதாகப் பூசினேன். மூன்றாம் நாள் காலையில் பூசிய இடம் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளமாக ஆகிவிட்டது. உடனே கழுவிவிட்டேன், தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது முகத்தில் டிரானெக்சாமிக் மட்டும், இரவில் ஒருவேளை. மாற்றம் எதுவும் இதுவரை தெரியவில்லை.

சீரம் வாசுகி
தெரியாது மீனா, ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லையே. பன்னிரண்டு வாரம் வையுங்கள். கண்ணாடியை நம்பாதீர்கள், தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது. ஒரே ஜன்னல், ஒரே நேரம், முகத்தில் எதுவும் பூசாமல் மாதம் ஒரு போட்டோ எடுங்கள். டிரானெக்சாமிக் தண்ணீரில் கரைகிற பொருள், தோலுக்குள் போவது அதற்குக் கஷ்டம். அதனால் பூசுகிற முறையில் பலன் மெதுவாகத்தான் வரும், சிலருக்கு ஓரளவோடு நின்றுவிடும்.

சன்ஸ்கிரீன் எது போடுகிறீர்கள்?

காரைக்குடி மீனா
எஸ்பிஎஃப் 50, வெள்ளை கிரீம். வெளியே போனால் போடுவேன். பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறேன். தையல் மிஷின் ஜன்னல் பக்கம், பகல் முழுக்க அங்கேதான்.

சீரம் வாசுகி
அந்த ஜன்னல்தான் இதில் முக்கியம். கண்ணாடி ஒருவகைப் புற ஊதாக் கதிரைத்தான் நன்றாகத் தடுக்கும், இன்னொன்றையும் சாதாரண வெளிச்சத்தையும் உள்ளே விட்டுவிடும். நம் நிறத்தில் மங்கைச் சாதாரண வெளிச்சமே கறுக்கவைக்கும், அதிலும் நீலப் பகுதி. வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. தோல் நிறத்தில் வருகிற டின்ட் சன்ஸ்கிரீனில் இரும்பு ஆக்சைடு இருக்கும், அந்த நிறம்தான் வெளிச்சத்தை மறைக்கிறது. வீட்டிலிருந்தாலும் காலையில் போடுங்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். முடிந்தால் மிஷினைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். மேலே ஆர்டர் வந்துகொண்டே இருந்தால் எந்தச் சீரமும் ஈடுகொடுக்க முடியாது.

மருந்துக்கடை பாண்டி
டின்ட் சன்ஸ்கிரீன் எங்கள் ஊரில் சீக்கிரம் கிடைப்பதில்லை, சொல்லிவைத்து வரவழைக்கவேண்டும். தங்கச்சிக்கு வேண்டுமென்றால் உங்கள் ஊர்க் கடையில் சொல்லி வைக்கலாம். பேர் தெரியாத, பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி இல்லாத வெளிநாட்டுக் கிரீமை மட்டும் யாரும் வாங்கவேண்டாம். 2023 இல் மலப்புரம் பக்கம் அப்படி முகக் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, கிரீமில் பாதரசம் இருந்தது. மூன்றில் எது நல்லது என்று இங்கே பேசுகிறோம், அந்த டப்பாக்களில் இந்த மூன்றில் எதுவுமே இருக்காது.

யாழ் நிலா
மீனா அக்கா, உங்கட கை பட்டபாட்டைப் படிக்க என்ர கண்ணிமை ஞாபகம் வந்தது. வாசுகி, கோஜிக் டைபால்மிட்டேட் என்று ஒன்று இருக்குது, நிறம் மாறாது, மென்மையானது எண்டு விக்கிறாங்கள். எனக்கும் மீனா அக்காவுக்கும் அது சரிவருமோ?

சீரம் வாசுகி
நிறம் மாறாது என்பது சரி, கோஜிக்கோடு கொழுப்பு அமிலங்களை ஒட்டியிருப்பதால் நிலையாக இருக்கும். ஆனால் தோலுக்குள் போனபின் அது பிரிந்து கோஜிக்காக மாறித்தான் வேலை செய்யவேண்டும். மாறாவிட்டால் பலன் இல்லை, மாறினால் உங்கள் இருவருக்கும் அதே அரிப்பு. வேண்டாம்.

மீனா, அந்தக் கட்டஞ்சாயா பாட்டிலைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் முறையான பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். கோஜிக்கையும் சல்ஃபைட்டையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கமுடியுமா என்று கேளுங்கள். சல்ஃபைட் என்றால் தலைச்சாயத்திலும் சில மருந்துக் கிரீம்களிலும்கூட அது உங்களைத் தேடி வரும்.

காரைக்குடி மீனா
பாட்டிலை அலமாரியில் வைத்திருக்கிறேன். வரும் புதன் மறுபடி டாக்டரைப் பார்க்கிறேன், கொண்டுபோய்க் காட்டிக் கேட்கிறேன். தையல் மிஷினை நேற்றே திருப்பிவிட்டோம்.